யானையை எங்கே வைப்பது? – நண்பருக்கு ஒரு மறுமொழி

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சிமெண்டினால் ஆன சதுரங்க மேசைகள் இரண்டு உள்ளன. மாலை வேளைகளில் அங்கே என்னுடன் ஆடவரும் நண்பர் ஒருவர் ஒரு வினாவை எழுதி அனுப்பியிருந்தார். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நம் செந்தோசாத் தீவில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தைப் பற்றியது அவ்வினா. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் அவருடைய மகள் அந்த ஆட்டத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஐம்பத்தைந்தாவது நகர்வில் திங் லிரென் தம் யானையை f2 கட்டத்திற்குக் கொண்டுபோனது தவறு, a4 கட்டத்திற்குக் கொண்டுபோயிருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும் என்று அவள் சொல்கிறாளாம். "ஏன்?" என்று தந்தை கேட்டால், "கணினி அப்படிக் காட்டுகிறது" என்பதைத் தவிர அவளிடம் விடை இல்லை. "இரண்டில் எது மேல்? எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படியும் அது குகேஷுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்ட வெற்றிதானே?" என்று நண்பர் முடித்திருந்தார்.

அவருக்கு எழுதிய மறுமொழியையே இங்குத் தருகிறேன். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து ஆடும் பெற்றோர்களும் பலகையை எடுத்துவைத்துக்கொண்டு படிப்பார்களானால் பயன் மிகும்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். யானையை a4 கட்டத்தில் வைப்பதே மேலானது. f2 கட்டத்தில் வைப்பது தோல்வி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. அரைப் புள்ளிக்கும் சுழிக்கும் உள்ள வேறுபாடு. உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் அவள் சொல்லாமல் விட்ட காரணம்தான் இந்த ஆட்டத்தில் கற்றுக்கொள்ளத் தக்க பகுதி. உங்களுடைய கடைசி வாக்கியத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பலகையில் இருந்தவை

பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆறரைப் புள்ளிகளோடு சமமாக நின்றனர். பதினான்காவது ஆட்டமும் சமனாகியிருந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்களால் வாகையர் யார் என்று முடிவு செய்யப்பட்டிருக்கும். வெள்ளைக் காய்களோடு ஆடியவர் 2023 முதல் வாகையராக இருந்த சீனாவின் திங் லிரென். கறுப்புக் காய்களோடு ஆடியவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ்.

அரசிகளும் குதிரைகளும் பலகையை விட்டு அகன்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஐம்பத்துநான்கு நகர்வுகள் முடிந்த நிலையில் எஞ்சியிருந்த காய்கள் ஒன்பதே. வெள்ளைக்கு அரசன் g1-இல், யானை f4-இல், மந்திரி a8-இல், ஒற்றைச் சிப்பாய் g3-இல். கறுப்புக்கு அரசன் e5-இல், யானை b2-இல், மந்திரி e6-இல், சிப்பாய்கள் f5-இலும் g4-இலும். நகர்த்த வேண்டியவர் வெள்ளை. கணினியில் இந்நிலையை அமைத்துப் பார்க்க விரும்பினால் கீழுள்ள வரியை அப்படியே இட்டுப் பாருங்கள்.

```
B7/8/4b3/4kp2/5Rp1/6P1/1r6/6K1 w - - 16 55
```

கறுப்பிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆயினும் எஞ்சிய சிப்பாய்கள் யாவும் பலகையின் ஒரே ஓரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்படிப்பட்ட நிலைகளில் ஒரு சிப்பாய் குறைந்தவர் பொறுமையோடு காத்தால் பெரும்பாலும் சமன் செய்துவிடலாம். இங்கும் வெள்ளையின் நிலை தாக்குப்பிடிக்கக் கூடியதாகவே இருந்தது.

இப்போது a8-இல் நிற்கும் மந்திரியைச் சற்று உற்றுப் பாருங்கள். பலகையின் நடுவில் நிற்கும் மந்திரிக்கு இரண்டு மூலைவிட்டப் பாதைகள் உண்டு. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே பாதைதான். a8-இலிருந்து b7, c6, d5 என்று இறங்கி h1 வரை செல்லும் அந்த ஒன்றே அதற்கு வழி. அந்த வழியை யாரேனும் அடைத்துவிட்டால் மந்திரிக்குத் தப்பிக்க வேறு வழி கிடையாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் நகர்வு: யானை f2

இந்த நகர்வு பார்வைக்கு மிகவும் இயல்பானது. வெள்ளை யானை கறுப்பு யானைக்கு எதிரே வந்து நின்று, "வா, மாற்றிக்கொள்வோம்" என்கிறது. பலகையில் காய்கள் குறைந்தால் தொல்லையும் குறையும் என்ற எண்ணம் நம் எல்லாருக்கும் உண்டு. யானைகள் ஒழிந்தால் எஞ்சுவன ஒரே நிறக் கட்டங்களில் செல்லும் இரு மந்திரிகள். வெள்ளை அரசனும் f2-க்கு வந்து சிப்பாய்களுக்கு அருகில் நின்றுவிடுவான். அத்தகைய மந்திரி ஆட்டம் சமன்தானே என்று தோன்றும்.

அந்த எண்ணத்தில் உண்மையும் உண்டு. மந்திரிகள் இரண்டும் பலகையில் தங்கியிருந்தால் அது சமன்தான். கறுப்பின் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே செல்லும். வெள்ளை அரசன் e3, f4 போன்ற கறுப்புக் கட்டங்களில் நின்றுகொண்டால் அந்த மந்திரியால் அவனை அசைக்கவே முடியாது. கறுப்பு அரசன் எதிரே வந்து வழிமறித்தாலும் வெள்ளை தன் மந்திரியை இங்கும் அங்கும் நகர்த்திப் பொழுதைப் போக்கலாம். அரசன் இடம் பெயர வேண்டிய கட்டாயமே வராது.

ஆனால் மந்திரிகள் தங்கியிருக்குமா என்பதே கேள்வி. ஆட்டம் எப்படிச் சென்றது என்று பாருங்கள்.

```
55. Rf2  Rxf2
56. Kxf2 Bd5
57. Bxd5 Kxd5
58. Ke3  Ke5
```

யானைகள் மாறிய உடனே கறுப்பு மந்திரி d5-க்கு வருகிறது. மூலையில் நிற்கும் வெள்ளை மந்திரியின் ஒரே வழியில் குறுக்கே நின்று, அதனையே தாக்குகிறது. வெள்ளை மந்திரி b7-க்கோ c6-க்கோ நகர்ந்தாலும் அதே பாதையில்தான் நிற்கும், அங்கேயே வெட்டப்படும். நகராமல் அரசனை நகர்த்தினால் மூலையிலேயே வெட்டப்படும். எஞ்சியது ஒன்றே: மந்திரிக்கு மந்திரியை மாற்றிக்கொள்வது. அதைத்தான் திங் செய்தார். d5-இல் வெட்டிய வெள்ளை மந்திரியைக் கறுப்பு அரசன் வெட்டினான். இப்போது பலகையில் இரண்டு அரசர்களும் மூன்று சிப்பாய்களுமே மீதம்.

இங்கே வெள்ளை அரசன் e3-க்கு வந்தான். கறுப்பு அரசன் e5-க்கு வந்தான். இருவருக்கும் இடையே ஒரே ஒரு கட்டம். நகர்த்த வேண்டிய முறை வெள்ளையினுடையது. இதனை எதிர்நிலை என்பார்கள். இருவர் ஒரு குறுகிய சந்தில் எதிரெதிரே நிற்கும்போது முதலில் விலகுபவர் வழிவிடுவது போன்றது இது. வெள்ளையின் g3 சிப்பாய் g4-இல் உள்ள கறுப்புச் சிப்பாயால் அடைபட்டு நிற்கிறது. ஆகையால் வெள்ளை நகர்த்தக் கூடியது அரசனை மட்டுமே. நகராமல் இருக்க முடிந்தால் வெள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் சதுரங்கத்தில் முறை வந்தால் நகர்த்தியே ஆகவேண்டும். நகர்த்துவதே கேடாக முடியும் இந்த நிலைக்குச் 'சுக்ஸ்வாங்' என்ற ஜெர்மன் சொல்லையே உலகெங்கும் வழங்குகின்றனர்.

வெள்ளை அரசன் எந்தப் பக்கம் விலகினாலும் என்ன ஆகும் என்று பார்ப்போம். அரசன் d3-க்கு விலகினால் கறுப்பு தன் சிப்பாயை f4-க்குத் தள்ளும். வெள்ளை அதனை வெட்டினால் கறுப்பு அரசன் f4-இல் திருப்பி வெட்டுவான். வெள்ளை அரசன் e2-க்கு ஓடிவந்தாலும் கறுப்பு அரசன் g3-இல் நுழைந்துவிடுவான். தன் சிப்பாய்க்கு முன்னே அவ்வளவு தூரம் சென்றுவிட்ட அரசனைத் தடுக்க முடியாது. G சிப்பாய் அரசியாகியே தீரும்.

அரசன் f2-க்குப் பின்வாங்கினால் கறுப்பு அரசன் அவசரப்பட்டு e4-க்கு வரக்கூடாது. வந்தால் வெள்ளை அரசன் e2-க்கு வந்து எதிர்நிலையைத் தான் பிடித்துக்கொள்வான். கறுப்பு முதலில் d4-க்குச் செல்ல வேண்டும். வெள்ளை அரசன் e2-க்கு வந்தால் இப்போது e4-க்கு வரலாம். மீண்டும் இடையே ஒரு கட்டம். மீண்டும் நகர்த்த வேண்டியவர் வெள்ளை. அரசன் d2-க்கு விலகினால் கறுப்பு f3-இல் நுழைந்து g3 சிப்பாயைப் பிடிப்பான். f2-க்கு விலகினால் d3 வழியாகச் சுற்றிவந்து, e2, f3, f2 என்று படிப்படியாக நெருங்கி அதே சிப்பாயைப் பிடிப்பான்.

இவையெல்லாம் திங்கிற்குக் கண் இமைக்கும் நேரத்தில் தெரியும். ஆகவே கறுப்பு அரசன் e5-க்கு வந்ததும் அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் குகேஷ் வாகையரானார்.

இதில் கவனிக்க வேண்டியது: கறுப்பு அரசனும் வெள்ளை அரசனும் அதே கட்டங்களில் நின்று, நகர்த்த வேண்டியவர் கறுப்பாக இருந்திருந்தால், வெள்ளை கவனமாக எதிர்நிலையைக் காத்துச் சமன் செய்திருக்கலாம். ஒரே ஒரு நகர்வின் பற்றாக்குறைதான் உலக வாகையர் பட்டத்தை இடம் மாற்றியது. மந்திரி உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு நகர்வை அது கொடுத்திருக்கும்.

இரண்டாவது நகர்வு: யானை a4

இப்போது மாற்று நகர்வைப் பார்ப்போம். யானை f4-இலிருந்து நான்காம் வரிசையிலேயே நகர்ந்து a4-க்குச் செல்கிறது. பார்வைக்கு இது எதையும் செய்யாத நகர்வு. யாரையும் தாக்கவில்லை, எதையும் மாற்றிக்கொள்ளக் கேட்கவில்லை. ஆனால் அது இரண்டு காரியங்களை ஒருசேரச் செய்கிறது.

முதலாவது, a4-இல் நிற்கும் யானைக்கும் a8-இல் நிற்கும் மந்திரிக்கும் இடையே எந்தக் காயும் இல்லை. ஆகவே யானை மந்திரிக்குக் காவலாகிறது. இரண்டாவது, நான்காம் வரிசை முழுவதும் யானையின் கண்காணிப்பில் தொடர்கிறது. கறுப்பு தன் சிப்பாயை f4-க்குத் தள்ளினால் யானை அதனை வெட்டிவிடும். வெட்டிய யானைக்கு g3 சிப்பாய் காவல் இருப்பதால் கறுப்பு அரசனால் திருப்பி வெட்ட முடியாது. அத்துடன் கறுப்பின் கூடுதல் சிப்பாயும் போய்விடும்.

சரி, கறுப்பு முன்போலவே மந்திரியை d5-க்குக் கொண்டுவந்தால்? இதுதான் சரியான கேள்வி. ஏனெனில் முதல் நகர்வைத் தோற்கடித்தது அதுவே. வெள்ளை மந்திரி d5-இல் வெட்டும். கறுப்பு அரசன் திருப்பி வெட்டுவான். ஆனால் இம்முறை யானைகள் பலகையில் இருக்கின்றன. முறையும் வெள்ளையினுடையது. யானை a5-க்குச் சென்று அரசனுக்குச் செக் வைக்கிறது. ஐந்தாம் வரிசையை விட்டு அரசன் விலகியே ஆகவேண்டும். c அல்லது d வரிசைக்கு விலகினால் அவனுடைய காவல் இல்லாமல் போன f5 சிப்பாயை யானை வெட்டிவிடும். அதைக் காக்க வேண்டுமானால் e4 அல்லது e6 என்னும் இரு கட்டங்களே உள்ளன. e4-க்குச் சென்றால் யானை a4-இலிருந்து செக் வைக்கும். e6-க்குச் சென்றால் a6-இலிருந்து செக் வைக்கும். அரசன் f3 வரை முன்னேறினாலும் a3-இலிருந்து செக் வந்து அவனை விலக்கும். யானை பலகையின் மறு ஓரத்தில் தொலைவில் நிற்பதால் கறுப்பு அரசனால் அதனை நெருங்கவும் இயலாது. சிப்பாயையும் விட்டுச் செல்ல இயலாது.

a4 நகர்வுக்கும் ஒரு விலை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. வெள்ளை இன்னும் பல நகர்வுகளுக்குக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பு யானையும் மந்திரியும் அரசனும் மாறி மாறி வந்து தட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் சரியான விடையைத் தேட வேண்டும். அந்த வேளையில் திங்கின் கடிகாரத்தில் நேரமும் குறைவு. குகேஷிடமோ நிறைய இருந்தது. f2 நகர்வு உடனடியாக இந்த வேதனையை முடிக்கும் என்று தோன்றியது. a4 நகர்வு வேதனையை நீட்டிக்கும். ஆயினும் நீளும் சமனும் சமன்தான். விரைந்த தோல்வி தோல்விதான்.

வெள்ளைக்கு a4 மட்டுமே வழி என்று நான் சொல்லவில்லை. நிலையைக் காத்திருக்கக் கூடிய நகர்வுகள் வேறும் இருந்தன. நீங்கள் கேட்ட இரண்டில் எது என்பதற்கே இந்த விடை.

தட்டில் வைத்துக் கொடுத்த வெற்றியா?

அந்த ஆட்டத்திற்குப் பின் இப்படிப் பேசியவர் பலர். இருவருமே தரத்தில் தாழ்ந்து ஆடினார்கள், குகேஷ் காத்திருந்தார், பழம் மடியில் விழுந்தது என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைப் பலகையே சொல்லும். மூன்று நகர்வுகள் பின்னோக்கிச் செல்லுங்கள்.

```
52. Ra4 Rb2
53. Ba8 Kf6
54. Rf4 Ke5
```

அப்போது வெள்ளை மந்திரி b7-இல் நின்றது. குகேஷின் யானை b2-க்கு வந்து b வரிசை வழியே அந்த மந்திரியைத் தாக்கியது. மந்திரி விலக வேண்டியதாயிற்று. திங் அதனை மூலைக்கு அனுப்பினார். அந்த நொடியில் அது குற்றமன்று. ஏனெனில் யானை a4-இல் நின்று அதற்குக் காவலாக இருந்தது. அடுத்த நகர்வில் யானை f4-க்குச் சென்றபோது அந்தக் காவல் அகன்றது. அதன் பின்னரே கறுப்பு அரசன் e5-க்கு வந்தான்.

இந்த அரசன் நகர்வைக் கவனியுங்கள். அவன் f6-இலேயே நின்றிருந்தால், யானைகள் மாறிய பின் கறுப்பு மந்திரி d5-க்கு வந்தாலும் பயனில்லை. வெள்ளை மந்திரி அதனை வெட்டிச் சென்றுவிடும். திருப்பி வெட்ட அருகில் யாரும் இல்லை. அரசன் e5-இல் நிற்பதால்தான் d5 கட்டம் அவனுடைய கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே வெட்டிவிட்டு மீண்டும் e5-க்குத் திரும்பி எதிர்நிலையையும் பிடிக்க முடிகிறது. ஆகவே யானை f2 என்னும் நகர்வு ஒரு நகர்வுக்கு முன்னர் தோல்வியாக இருந்திருக்காது. குகேஷின் அரசன் நகர்ந்த பின்னரே அது தோல்வியாயிற்று.

குகேஷ் இதனையெல்லாம் முன்னரே திட்டமிட்டு வலைவிரித்தார் என்று சொல்வதும் மிகையாகும். யானை f2-க்கு வந்த கணத்தில் தமக்கும் அது உடனே புலப்படவில்லை என்றும், வேறொரு நகர்வை ஆட இருந்தபோதுதான் மந்திரி சிக்கிக்கொள்வதைக் கண்டதாகவும் ஆட்டம் முடிந்தபின் அவரே கூறினார். சமன் என்று பலரும் எண்ணிய நிலையில், ஒரு சிப்பாய் கூடுதலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயையும் சற்றே நல்ல கட்டத்திற்கு நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிராளியின் மந்திரியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அரசனை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார். இவை பெரிய காரியங்களாகத் தோன்றா. ஆனால் தவறு நிகழக்கூடிய இடங்களை இவை ஒன்றிலிருந்து இரண்டாகவும் இரண்டிலிருந்து மூன்றாகவும் பெருக்கின. எதிராளி தவறிய பின் அதனைக் கண்டுபிடிப்பதும் ஆட்டத்தின் பகுதியே. கண்டிராவிட்டால் அன்று மாலை யாரும் f2 நகர்வைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் மகளின் கணினி, யானை f2 என்றதும் சமன் என்னும் சுழியத்திலிருந்து கறுப்பின் வெற்றிக்குத் தாவியிருக்கும். அந்த எண் உண்மையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்த்த பிள்ளை நாளை தன் பலகையில் மந்திரி b7-இலும் கறுப்பு யானை d2-இலும் நிற்கும் வேறொரு நிலை வந்தால் என்ன செய்வாள்? "யானையை மாற்றக் கூடாது" என்று மனப்பாடம் செய்திருந்தால் அங்கே அவள் தவறாகவே ஆடுவாள். ஏனெனில் அங்கே மாற்றுவது சரி. மந்திரி b7-இல் நின்றிருந்தால், கறுப்பு மந்திரி d5-க்கு வந்தபோது வெள்ளை மந்திரி c8-க்கு விலகியிருக்கும். விலகியதோடு f5 சிப்பாயையும் தாக்கியிருக்கும். மந்திரிகள் பலகையில் தங்கியிருக்கும், ஆட்டம் சமனாகியிருக்கும். ஒரே நகர்வு, ஒரு கட்டத்தின் வேறுபாட்டால் சரியாகவும் தவறாகவும் ஆகிறது.

அதனால் இந்த ஆட்டத்தை நான் சிறுவர்களுக்குக் காட்டும்போது தலைகீழாகக் காட்டுகிறேன். முதலில் அரசர்கள் இருவரையும் மூன்று சிப்பாய்களையும் மட்டும் பலகையில் வைக்கிறேன். வெள்ளை அரசன் e3-இல். கறுப்பு அரசன் e5-இல். ஒருமுறை வெள்ளை முதலில் நகர்த்தட்டும். மறுமுறை கறுப்பு முதலில் நகர்த்தட்டும். பத்து நிமிடம் அவர்களே ஆடிப் பார்த்தால் யார் முதலில் நகர்த்துகிறாரோ அவருக்கு இடர் என்பதைத் தாமாகவே கண்டுகொள்வார்கள். f2-க்குப் பின்வாங்கிய அரசனை e4-க்கு நேரே துரத்திவந்து வெற்றியைத் தவறவிடுபவர்களும் இருப்பார்கள். d4 வழியே செல்ல வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும். பிறகு மந்திரிகளை வைக்கிறேன்: வெள்ளையினுடையது மூலையில், கறுப்பினுடையது d5-இல். "மாற்றாமல் தப்பிக்க முடியுமா?" என்று கேட்கிறேன். கடைசியாகவே யானைகளை வைத்து, நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்கிறேன். அதற்குள் விடை அவர்கள் வாயிலேயே இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு பழைய விதியை நினைவூட்டலாம். சிப்பாய் கூடுதலாக உள்ளவர் காய்களை மாற்றிக்கொள்ள விரும்புவார். சிப்பாய் குறைந்தவர் சிப்பாய்களை மாற்றிக்கொள்ள விரும்ப வேண்டும், காய்களை அன்று. ஒவ்வொரு காய் அகலும்போதும் அந்த ஒரு கூடுதல் சிப்பாயின் எடை ஏறுகிறது. யானையும் மந்திரியும் இருந்தபோது அந்தச் சிப்பாய் வெறும் தொல்லை. அரசர்கள் மட்டும் எஞ்சியபோது அதுவே பட்டம். திங் இந்த விதியை அறியாதவர் அல்லர். விதிக்கு விலக்காக ஒரு சமனான மந்திரி ஆட்டம் தமக்குக் கிடைக்கும் என்று நம்பினார் போலும். அந்த நம்பிக்கை மூலையில் நின்ற மந்திரியின் மேல் கட்டப்பட்டிருந்தது.

ஆகவே, நண்பரே, இரண்டு நகர்வுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மாற்றிய பின் பலகையில் எஞ்சுவது என்ன, அதில் முறை யாருடையது? இந்த நகர்வால் காவல் இழக்கும் காய் எது? யானை f2 என்னும் நகர்வு இரண்டு கேள்விகளிலும் தோற்றது. யானை a4 என்னும் நகர்வு இரண்டாவது கேள்விக்கு நேரே விடை சொன்னது; முதல் கேள்வி எழவே இடம் தரவில்லை.

வரும் சனிக்கிழமை மாலை கீழ்த்தளத்து மேசைக்கு மகளையும் அழைத்து வாருங்கள். ஒரு சிறு வினாவை அதற்குள் அவள் ஆராய்ந்து வரட்டும். மேலே சொன்ன அதே நிலையில் வெள்ளை மந்திரியை a8-இலிருந்து எடுத்து c6-இல் வையுங்கள். யானை f2, யானைகள் மாற்றம், கறுப்பு மந்திரி d5. இப்போது வெள்ளை மந்திரி எங்கெல்லாம் செல்லலாம்? அவற்றுள் f5 சிப்பாயைத் தாக்கும் கட்டம் எது? கணினியைத் திறக்காமல், காய்களைக் கையால் நகர்த்தியே விடை கண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சதுரங்கத் தோழன்